ஆறு லட்சம் சம்பளம், கைக்கு வருவது 39,490

சென்னையில் மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இன்னொரு நிறுவனம் வேலை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியமனக் கடிதத்தில் சிடிசி ஆண்டுக்கு 6,00,000 ரூபாய். செப்டம்பர் 21, 2026 அன்று வந்து சேரச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏற்பு மெயில் எழுதுவதற்கு முன் அந்தக் கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. சிடிசியில் வேரியபிள் 60,000 இருக்கிறது. அது ஆண்டுக்கு ஒருமுறை, வேலையையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்துக் கொடுப்பது. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று வகுப்பதால் 14,423 வருகிறது. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு நீடித்தால்தான் அது கையில் கிடைக்கும், ஆனால் முதல் ஆண்டிலேயே சம்பளக் கணக்கில் ஏறிவிடுகிறது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,000.

இவற்றைக் கழித்தால் மிச்சம் 4,97,977. மாதத்துக்கு 41,498. இதிலிருந்து ஊழியர் பங்கு பிஎஃப் 1,800 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குச் சுமார் 208. புதிய வரித் திட்டத்தில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, கைக்கு வருவது 39,490.

இதிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிஎஃப் பிடித்தத்துக்கான சட்ட உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம். அதில் 12 சதவீதம்தான் 1,800. சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும். அப்போது இரு பக்கமும் 3,000 ஆகி, கைக்கு வருவது 37,090 ஆகக் குறையும். பணம் எங்கும் போகவில்லை, உங்கள் பிஎஃப் கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் வாடகையும் தவணையும் கட்டுகிறவருக்கு மாதம் 2,400 பெரிய தொகை.

சம்பளத்தைவிட அதிகம் சிக்குவது சேரும் தேதி. பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் 60 நாள். ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணும்போது அறுபதாவது நாள் அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி, வெள்ளிக்கிழமை. கடிதத்தில் இருக்கும் செப்டம்பர் 21-க்கே போவதானால் 12 நாள் குறைகிறது. மொத்தச் சம்பளத்தில் நாளுக்கு 1,000 என்று பிடித்தால் 12,000 ரூபாய். பழைய வேலையின் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், அதில் மட்டும் பிடித்தால் 6,000. எதில் பிடிப்பார்கள் என்பது பழைய நியமனக் கடிதத்தில் இருக்கும். புது நிறுவனம் அதை ஈடுகட்டுவதாக வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அக்டோபர் 5, திங்கட்கிழமை என்று தேதியை மாற்றிக் கேட்பது செலவில்லாத வழி. போனில் எச்ஆர் சரி என்று சொன்ன பிறகு மெயில் இப்படிப் போகலாம்:

"வணக்கம் மேடம். நியமனக் கடிதம் கிடைத்தது, வேலையை ஏற்றுக்கொள்கிறேன். ஆண்டுக்கு மொத்தம் ரூ. 6,00,000, அதில் வேரியபிள் ரூ. 60,000, இரு பங்கு பிஎஃப்பும் மாதம் தலா ரூ. 1,800 என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள். போனில் பேசியபடி அக்டோபர் 5 அன்று சேர்கிறேன். அந்தத் தேதியுடன் திருத்திய கடிதம் ஆகஸ்ட் 3-க்குள் கிடைத்தால், கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு அன்றே இங்கே ராஜினாமா கொடுத்துவிடுவேன். சான்றிதழ்கள், யுஏஎன் எண் தவிர வேறு என்ன தேவை, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். நன்றி."

நன்றியையும் மகிழ்ச்சியையும் இரண்டு பத்தி எழுதினால் தொகையும் தேதியும் அதற்குள் புதைந்துபோகும். யுஏஎன் எண்ணை மறக்காமல் கொடுங்கள். கொடுக்காமல் விட்டுப் புது எண் உருவாகிவிட்டால் பழைய பிஎஃப் பணத்தை மாற்றுவது தனி அலைச்சல்.

இந்த மெயிலுக்குப் பதிலாக 'நோட்டட்' என்று ஒற்றை வார்த்தை மட்டும் வருவதும் உண்டு. அது திருத்திய கடிதம் ஆகாது. அதை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள். காத்திருக்க இரண்டு நாள் இடமும் இருக்கிறது. புதன்கிழமை, ஆகஸ்ட் 5 அன்று ராஜினாமா கொடுத்தால்கூட அறுபது நாள் அக்டோபர் 4, ஞாயிறோடு முடிந்துவிடும். வியாழன் ஆகிவிட்டால் ஒரு நாள் குறையும். அப்போது 1,000 ரூபாய் கட்டுவதா, அக்டோபர் 6 கேட்பதா என்று எச்ஆரிடம் மறுபடி பேச வேண்டியிருக்கும்.