சும்மா இருக்கும் ரெசிஸ்டர் போடும் சத்தம்

ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை முழுக்கத் திருகி வைத்தால், யாரும் பேசாதபோதும் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம். அந்த இரைச்சலில் ஒரு பங்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போகாது. மேசையில் கிடக்கும் ஒரு ரெசிஸ்டர், பேட்டரியோடு சேர்க்காமலேயே, தன் இரு முனைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு மின்னழுத்தத்தை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

இதை 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டியவர் ஜான் பி. ஜான்சன். ரெசிஸ்டர் எந்தப் பொருளால் ஆனது என்பது இரைச்சலைப் பாதிக்கவில்லை. அதன் தடையும் வெப்பநிலையும் மட்டுமே கணக்கில் வந்தன. அதற்கான கோட்பாட்டை ஹாரி நைக்விஸ்ட் வகுத்தார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளியாயின. இருவருமே சுவீடனில் பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.

காரணம் வெப்பம்தான். ரெசிஸ்டருக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் கண்டபடி அலைகின்றன. ஒரு நொடித்துணுக்கில் இந்த முனைப் பக்கம் சற்றே அதிகம், அடுத்த துணுக்கில் அந்தப் பக்கம். அதுவே மின்னழுத்தமாக வெளியே தெரிகிறது. அதன் சராசரி சுழிதான் என்பதால், ஏற்ற இறக்கத்தின் அளவை ஆர்.எம்.எஸ். மதிப்பால் சொல்கிறார்கள்:

V = √(4kTRB)

k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, 1.38 × 10⁻²³. T கெல்வினில் வெப்பநிலை, R ஓமில் தடை. B என்பது நாம் காது கொடுக்கும் அதிர்வெண் பட்டையின் அகலம். இந்த B இல்லாமல் 'இரைச்சல் எவ்வளவு' என்ற கேள்விக்கே விடை கிடையாது. இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் சமமாகப் பரவியிருப்பதால், அகலமான பட்டையைத் திறந்தால் அதிகம் உள்ளே வரும். மனிதக் காதுக்கான 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 300 கெல்வினில், 10 கிலோஓம் ரெசிஸ்டர் தருவது 1.82 மைக்ரோவோல்ட். பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் 18 மில்லிவோல்ட் ஆகிவிடும்.

இப்போது இதே மாதிரி இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக இணைப்போம். 1.82-ஐயும் 1.82-ஐயும் கூட்டி 3.64 என்று சொல்லத் தோன்றும். உண்மையில் 2.57 மைக்ரோவோல்ட்தான் வரும். ஒன்றின் எலெக்ட்ரான்களுக்கு மற்றதில் நடப்பது தெரியாது. ஒரு கணம் இரண்டும் ஒரே திசையில் தள்ளும், மறுகணம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். (a + b)² என்பதை விரித்தால் வரும் 2ab, சராசரியில் சுழியாகிவிடுகிறது. மிஞ்சுவது a² + b². ஆக, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 20 கிலோஓம் என்று சூத்திரத்தில் போட்டாலும் அதே 2.57 வருவதைச் சரிபார்க்கலாம்.

மைக் இணைப்பில் இந்த விதி வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. 200 ஓம் டைனமிக் மைக்கின் இரைச்சல், அதே பட்டையில், 0.26 மைக்ரோவோல்ட். ஆம்ப்ளிஃபையருக்குப் பாதுகாப்பு என்று நினைத்து 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் மொத்தம் 0.63, கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதற்குப் பதில் 50 ஓம் போட்டால் 0.29தான். பெரிய தடைக்குப் பக்கத்தில் சிறிய தடையின் இரைச்சல் ஏறக்குறையக் காணாமல் போகிறது. ஆகவே மைக் பக்கம் பெரிய ரெசிஸ்டரைச் செருகுமுன் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

இரண்டின் வெப்பநிலையும் வேறானால் தடைகளைக் கூட்டிச் சூத்திரத்தில் போடும் குறுக்குவழி செல்லாது. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் அதனதன் வெப்பநிலையில் தனியே கணக்கிட வேண்டும். ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் 300 கெல்வினிலும், இன்னொன்று திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலும் இருந்தால் மொத்தம் 2.04 மைக்ரோவோல்ட்.

அளக்கும்போது ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சலும் கூடவே வரும். முதலில் உள்ளீட்டை ஷார்ட் செய்து அளக்க வேண்டும். உள்ளீட்டு அளவில் அது 1 மைக்ரோவோல்ட் என்றும், 10 கிலோஓம் சேர்த்தபின் 2.08 என்றும் வைத்துக்கொள்வோம். இங்கும் நேராகக் கழிக்கக் கூடாது. 4.33-இலிருந்து 1-ஐக் கழித்தால் 3.33, அதன் மூலம் 1.82. சாதாரண மல்டிமீட்டர் சைன் அலைக்கென்றே அளவு குறிக்கப்பட்டது என்பதால், பட்டை முழுவதையும் அது படித்தாலும் இரைச்சலைச் சுமார் 11 சதவீதம் குறைத்துக் காட்டும்.

கணக்குக்கு மேல் இரைச்சல் வந்தால் ரெசிஸ்டரில் பாயும் மின்னோட்டத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் அந்தக் கூடுதல் வெப்பத்தினுடையது அல்ல. பழைய கார்பன் ரெசிஸ்டர்களில் மின்னோட்டம் பாயும்போது இப்படி மிகுதியாக எழும், மெட்டல் ஃபிலிம் வகையில் வெகு குறைவு.