டிவிடெண்டுக்கு முந்தைய நாள்

இந்தியாவில் ஆப்ஷன் விற்பவர்களுக்கு எக்ஸ்பைரி நாளில்தான் கணக்கு முடியும். தேசியப் பங்குச் சந்தையின் பங்கு ஆப்ஷன்கள் 2011 முதல் ஐரோப்பிய வகைக்கு மாறிவிட்டதால், அதற்கு முன் யாரும் வந்து பங்கைக் கேட்க முடியாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் அமெரிக்க வகையைச் சேர்ந்தவை. வாங்கியவர் எக்ஸ்பைரிக்கு முன் எந்த வர்த்தக நாளிலும் தன் உரிமையைப் பயன்படுத்தலாம். அப்படிப் பயன்படுத்தினால், விற்றவர்களில் ஒருவர் தலையில் அந்தப் பொறுப்பு விழும். இதைத்தான் அசைன்மென்ட் என்கிறார்கள்.

சாதாரண நாட்களில் இந்தப் பயம் பெரிதாக இல்லை. கால் ஆப்ஷனின் விலையில் பங்கு விலைக்கும் ஸ்டிரைக் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பகுதி. மீதமிருக்கும் நாட்களுக்கான மதிப்பு இன்னொரு பகுதி. உரிமையை முன்கூட்டியே பயன்படுத்தினால் இரண்டாவது பகுதி வீணாகும். அதனால் ஆப்ஷனைச் சந்தையில் விற்றுவிடுவதே லாபம். ஆனால் டிவிடெண்ட் குறுக்கே வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வழக்கமான டிவிடெண்ட் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் போகும், கால் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. எக்ஸ்-டிவிடெண்ட் நாள் காலையில் பங்கு விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். அந்த இறக்கம் மட்டும் கால்காரருக்கு மிஞ்சும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பங்கு விலை 60 டாலர். வியாழக்கிழமை எக்ஸ்-டிவிடெண்ட் நாள். டிவிடெண்ட் 75 சென்ட். 50 டாலர் ஸ்டிரைக் கால், அடுத்த வெள்ளிக்கிழமை எக்ஸ்பைரி. புதன்கிழமை அதன் விலை 10.05 டாலர். அதாவது, மீதி நாட்களின் மதிப்பு வெறும் 5 சென்ட். வாங்கியவர் சும்மா இருந்தால் வியாழனன்று பங்கு 59.25-க்கு இறங்கும், காலும் சுமார் 9.35-க்கு வரும். ஒப்பந்தத்துக்கு 100 பங்குகள் என்பதால் அவருக்குச் சுமார் 70 டாலர் நஷ்டம். புதனன்றே உரிமையைப் பயன்படுத்தினால் 5 சென்ட் மதிப்பை இழந்து, 75 சென்ட் டிவிடெண்டைப் பெறுவார். கணக்குத் தெரிந்தவர் எதைச் செய்வார் என்பதில் சந்தேகமில்லை.

இப்போது விற்றவர் பக்கம் வருவோம். ஒருவர் 45 டாலர் ஸ்டிரைக் காலை வாங்கி, 50 டாலர் காலை விற்று, ஸ்பிரெட் ஒன்றுக்கு 460 டாலர் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரெட்டின் உச்ச மதிப்பு 500. லாபம் 40 டாலர் கிட்டத்தட்ட உறுதி என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். வியாழன் காலை கணக்கைத் திறந்தால், 100 பங்குகளை 50 டாலருக்கு விற்றதாகப் பதிவாகியிருக்கிறது. கையில் பங்கு இல்லாததால் அது ஷார்ட். டிவிடெண்ட் தொகை 75 டாலரையும் அவர்தான் கொடுக்க வேண்டும். தன் 45 டாலர் காலை இப்போது பயன்படுத்திப் பங்கை வாங்கி ஷார்ட்டை அடைக்கலாம். ஆனால் அந்தப் பங்கோடு டிவிடெண்ட் வராது. அந்த வாய்ப்பு புதனோடு முடிந்துவிட்டது. 500-இல் 75 போக 425 மிஞ்சும். 40 டாலர் லாபம் 35 டாலர் நஷ்டமாகிவிட்டது.

கையில் பங்கை வைத்துக்கொண்டு கால் விற்றவருக்கு அடி இவ்வளவு பலமில்லை. பங்கு ஸ்டிரைக் விலைக்குப் போய்விடும். எதிர்பார்த்த டிவிடெண்ட் கைக்கு வராது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ள எளிய வழி உண்டு. எக்ஸ்-டிவிடெண்டுக்கு முந்தைய நாள், அதே ஸ்டிரைக், அதே எக்ஸ்பைரி உள்ள புட்டின் விலையைப் பாருங்கள். அது டிவிடெண்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் அசைன்மென்ட் வர வாய்ப்பு அதிகம். நம் உதாரணத்தில் புட் சில சென்ட்தான், டிவிடெண்டோ 75 சென்ட். வட்டி உயர்ந்து, எக்ஸ்பைரியும் தள்ளி இருந்தால், 5,000 டாலரை முன்னதாகக் கட்டுவதால் போகும் வட்டியையும் புட் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா கால்காரர்களும் விழிப்பாக இருப்பதில்லை. சிலர் மறந்துவிடுவார்கள். ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் வரும் கோரிக்கைகளைத் தரகு நிறுவனங்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துத் தரும். நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளர்களில் ஒருவருக்கு ஒதுக்கும். ஆகவே சிலர் தப்பிவிடுவதும் உண்டு. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. புதனன்று சந்தை மூடுவதற்குள் விற்ற காலைத் திரும்ப வாங்கிவிட்டால், அன்றிரவு ஒதுக்கீட்டில் உங்கள் பெயரே இருக்காது. முழு ஸ்பிரெட்டையும் 4.95-க்கு முடிக்க முடிந்தால் கமிஷனைக் கழிக்கும் முன் 35 டாலர் லாபம் நிற்கும். கடைசி 5 டாலருக்காகக் காத்திருந்தவர் 75 டாலரைப் பணயம் வைக்கிறார். வியாழன் காலை விழித்து வாங்குவதில் பயனில்லை. அதற்குள் ஒதுக்கீடு முடிந்திருக்கும்.