லப்-டப்புக்கு நடுவே

நல்ல நிலையில் உள்ள இதயத்தில் வால்வு திறக்கும்போது சத்தம் கேட்காது. மூடும்போதுதான் கேட்கும். ‘லப்’, ‘டப்’ இரண்டுமே மூடும் சத்தங்கள். அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டியது அமைதி. அந்த அமைதி எங்கேயாவது கலைந்திருக்கிறதா என்றுதான் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் நகர்த்தி நகர்த்திக் கேட்கிறார்.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது ஏறக்குறைய 0.3 விநாடி, மீதி 0.5 விநாடி அவை தளர்ந்து, இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் நேரம். இடது பக்கத்தை மட்டும் பார்ப்போம். நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் மேலறையில் சேர்ந்து, மைட்ரல் வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டுகிறது. மேலே திரும்பப் பார்க்கும் இரத்தம் மைட்ரல் வால்வைத் தள்ளி மூடிவிடுகிறது. அதுதான் ‘லப்’. அடுத்த சில நொடித்துளிகள் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை; அழுத்தம் மட்டும் ஏறுகிறது. ஏறத்தாழ 80ஐ எட்டி, மகாதமனியின் அழுத்தத்தை மிஞ்சியதும் மகாதமனி வால்வு ஓசையின்றித் திறக்கிறது. 120 வரை ஏறி இரத்தம் வெளியேறிய பின் கீழறை தளர்கிறது. மகாதமனியில் உள்ள இரத்தம் திரும்பி வரப் பார்க்க, அந்த வால்வு மூடுகிறது. அது ‘டப்’. அழுத்தம் மேலும் இறங்கியதும் மைட்ரல் வால்வு மறுபடியும் ஓசையின்றித் திறக்கும். வலது பக்கத்திலும் இதே வேலைதான். அழுத்தம் மட்டும் வெகு குறைவு.

ஸ்டெதாஸ்கோப்பை 1816இல் பாரிஸில் உருவாக்கிய லேனெக், இரண்டாவது சத்தம் மேலறைகள் சுருங்குவதால் வருகிறது என்று நினைத்தார். கேட்கத் தெரிந்தவருக்கே காரணம் பிடிபடவில்லை. வால்வுகள் மூடுவதே காரணம் என்று ரூவானே 1832இல் வாதிட்டார். அதுவும் இதழோடு இதழ் மோதும் சத்தம் மட்டுமல்ல. வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் ‘டொக்’ என்று அதிருமே, அதுபோல ஓடிவந்த இரத்தம் திடீரென்று தடுக்கப்படும்போது வால்வு, இதயச் சுவர், இரத்தம் எல்லாமே அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் நம் காதுக்கு வருகிறது.

அதிர்வு எங்கே நன்றாகக் கேட்கும்? வால்வுக்கு நேர் மேலே அல்ல. நான்கு வால்வுகளும் நடு எலும்புக்குப் பின்னே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சத்தமோ இரத்தம் போகும் திசையிலேயே போகும். ஆகவே மகாதமனி வால்வைக் கேட்க மார்பெலும்புக்கு வலப்புறம், இரண்டாவது விலா இடைவெளியில் வைக்க வேண்டும். நுரையீரல் தமனி வால்வுக்கு அதே மட்டத்தில் இடப்புறம். வலது பக்கத்து மூவிதழ் வால்வுக்கு மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில், இடது ஓரம். மைட்ரல் வால்வுக்கு இதயத்தின் நுனி, அதாவது இடது காறை எலும்பின் நடுவிலிருந்து கீழே வந்தால் ஐந்தாவது இடைவெளி.

வால்வு சுருங்கியிருந்தாலோ சரியாக மூடாமல் கசிந்தாலோ இரத்தம் கொந்தளித்து ஓடும். அந்த இரைச்சலைத்தான் ‘மர்மர்’ என்கிறார்கள். அதைக் கேட்டதும் மருத்துவர் ஒரு கையைக் கழுத்துத் தமனியின் மேல் வைப்பார். நாடி எழும்பும்போது கேட்பது ‘லப்’. அது தெரிந்தால், இரைச்சல் லப்புக்குப் பின்னா டப்புக்குப் பின்னா என்பது தெளிவாகிவிடும். மணிக்கட்டு நாடி இதற்கு உதவாது. அது சற்றுத் தாமதமாக வரும்.

காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கும், இரத்தசோகை உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும் வால்வில் கோளாறே இல்லாமல் லப்புக்கும் டப்புக்கும் இடையில் மெல்லிய இரைச்சல் கேட்கலாம். ஓட்டம் அதிகம், அவ்வளவுதான். இரைச்சல் பலமாக இருந்தால் நோயும் பெரிது என்று எண்ணிவிடக் கூடாது; கீழறைச் சுவரில் உள்ள சிறிய ஓட்டை பெரிய ஓட்டையைவிடப் பலமாக இரையக்கூடும். ஆனால் டப்புக்குப் பின் கேட்கும் இரைச்சலை, எத்தனை மெல்லியதாக இருந்தாலும், ‘பரவாயில்லை’ என்று விடுவதற்கில்லை.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் மல்லாந்து படுத்தால் இருமல். “வயிறு பெருத்தா அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள் வீட்டில். விசாரித்தால், பத்து வயதில் தொண்டை வலி வந்துபோன சில வாரங்களில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது ஆறி, பிறகு கணுக்கால் வீங்கியது என்கிறாள். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், தன் மூட்டுகளையும் வால்வுகளையும் சேர்த்தே தாக்கியிருக்கிறது. மூட்டு ஆறிவிட்டது. மைட்ரல் வால்வின் இதழ்கள் ஆண்டுக்கணக்கில் தடித்து, ஓரங்களில் ஒட்டிக்கொண்டன.

அவளை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பின் மணி போன்ற பக்கத்தை நுனியில் லேசாக வைக்க வேண்டும். அழுத்தினால் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். முதலில் கேட்பது வழக்கத்தைவிட உரத்த ‘லப்’. மேலறையில் அழுத்தம் அதிகம் என்பதால், கீழறை சுருங்கத் தொடங்கும் வரை இதழ்கள் விரிந்தே இருக்கின்றன. பிறகு தொலைவிலிருந்து வேகமாக வந்து மூடுகின்றன. அடுத்து ‘டப்’. அதை ஒட்டி ஒரு சின்னச் சொடுக்கு. திறக்கும்போது சத்தம் கேட்காது என்றேனே, அதற்கு விலக்கு இதுதான்: ஒட்டிப்போன இதழ்கள் விறைப்பாகத் திறந்து நிற்கும் சத்தம். பின்னாலேயே தொலைவில் இடி உருள்வதுபோல ஒரு தாழ்ந்த இரைச்சல். சொடுக்கு டப்பை நெருங்கி வர வர, சுருக்கம் கடுமை என்று பொருள். பருமனான உடலில் இந்த இரைச்சல் காதில் விழாமலே போகலாம். அதனால் எக்கோ பார்த்தே உறுதி செய்வார்கள். 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்க வேண்டிய வால்வுத் துவாரம் இவளுக்கு 1 சதுர செ.மீ.

இத்தனை நாள் தெரியாமல் இருந்தது இப்போது ஏன் வெளிப்பட்டது? கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது, துடிப்பும் விரைகிறது. நாடி 110 ஆனால் ஒரு துடிப்புக்கு 0.55 விநாடிதான். சுருங்கும் நேரம் அதிகம் குறையாது; இரத்தம் இறங்கும் நேரம்தான் 0.5இலிருந்து சுமார் 0.3 ஆகிவிடும். சிறு துவாரத்தில், குறைந்த நேரத்தில், கூடுதல் இரத்தம். இறங்க முடியாதது நுரையீரலில் தேங்குகிறது, மூச்சு திணறுகிறது. துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அவளுக்கு உதவுவது இதனால்தான். அது வால்வைத் தொடுவதே இல்லை, நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கிறது.

மாத்திரைக்கு அடங்காவிட்டால், தொடைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, வால்வுக்குள் பலூனை ஊதி ஒட்டிய ஓரங்களைப் பிரிப்பார்கள். வயிற்றுக்குக் கதிர் தடுப்பு போட்டுக் கர்ப்பத்திலேயே இதைச் செய்ய முடியும். இதழ்களில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, வால்வு பெரிதாகக் கசிந்தாலோ, மேலறையில் இரத்தம் உறைந்திருந்தாலோ பலூன் ஒத்துவராது.

பலூனுக்குப் பிறகு இரைச்சல் குறையும். முழுக்கப் போய்விடுவது அரிது. இதழ்கள் பழைய மென்மைக்குத் திரும்புவதில்லை. இன்னொரு முறை தொண்டையில் அதே கிருமி வந்தால் அவை மேலும் கெடும் என்பதால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும், பிரசவத்துக்குப் பிறகும்.