ஆப்ப சோடா அமிலமா, காரமா?

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் சோடியம் அயனி தனியாகவும், பைகார்பனேட் அயனி தனியாகவும் பிரியும். சோடியம் அதன் பிறகு எதிலும் தலையிடாது. பைகார்பனேட்டை மட்டும் கவனிப்போம். HCO₃⁻ என்பது அதன் வாய்பாடு. கழற்றிக் கொடுக்க அதனிடம் ஒரு புரோட்டான், அதாவது H⁺, இருக்கிறது. இன்னொரு புரோட்டானை ஏற்றுக்கொள்ள இடமும் இருக்கிறது.

1923-ல் டென்மார்க்கில் பிரான்ஸ்டட், இங்கிலாந்தில் லௌரி என்ற இரு வேதியியலாளர்கள் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். கொடுத்த அமிலத்தில் மிஞ்சுவது அதன் இணை காரம். வாங்கிய காரம் மாறி நிற்பது அதன் இணை அமிலம். இணைகளுக்குள் ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பைகார்பனேட் தண்ணீரிடமிருந்து புரோட்டானை வாங்கினால் சமன்பாடு இப்படி இருக்கும்:

HCO₃⁻ + H₂O ⇌ H₂CO₃ + OH⁻

இதைப் படிக்கும்போது அம்புக்குறியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். இடப்பக்கத்து HCO₃⁻ வலப்பக்கத்தில் H₂CO₃ ஆகியிருக்கிறது. ஒரு H கூடியிருக்கிறது, எதிர்மின்சுமை மறைந்திருக்கிறது. அப்படியானால் பைகார்பனேட் இங்கே காரம், கார்பானிக் அமிலம் அதன் இணை அமிலம். தண்ணீர் புரோட்டானை இழந்து OH⁻ ஆகியிருப்பதால் அது அமிலம், OH⁻ அதன் இணை காரம். H மட்டும் மாறி மின்சுமை மாறவில்லை என்றால் சமன்பாட்டை எழுதியதிலேயே பிழை இருக்கிறது. தேர்வுத்தாள்களில் அடிக்கடி தென்படும் தவறு, HCO₃⁻, H₂O இரண்டும் அருகருகே நிற்பதைப் பார்த்து அவற்றையே இணை என்று எழுதிவிடுவது. அவை வினைபுரியும் இருவர். இணை எப்போதும் அம்புக்குறியின் மறுபக்கத்தில்தான் இருக்கும்.

அதே பைகார்பனேட் தண்ணீருக்குப் புரோட்டானைக் கொடுக்கவும் செய்யும்:

HCO₃⁻ + H₂O ⇌ CO₃²⁻ + H₃O⁺

இங்கே பைகார்பனேட் அமிலம், கார்பனேட் அதன் இணை காரம். தண்ணீர் காரமாக மாறிவிட்டது, ஹைட்ரோனியம் எனப்படும் H₃O⁺ அதன் இணை அமிலம். கொடுக்கவும் வாங்கவும் முடிகிற இப்படிப்பட்டவற்றைத்தான் ஈரியல்பு கொண்டவை என்கிறோம். பைகார்பனேட்டும் தண்ணீரும் இரண்டுமே அந்த வகை. H₂CO₃, CO₃²⁻ இரண்டையும் இணை என்று சொல்ல முடியாது, நடுவே இரண்டு புரோட்டான் இடைவெளி. H₃O⁺, OH⁻ இரண்டுக்கும் அதே கதைதான்.

ஒரு குவளை ஆப்ப சோடாக் கரைசலில் இந்த இரண்டில் எது மேலோங்கும்? இதைச் சமன்பாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, மாறிலிகளைப் பார்க்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் பைகார்பனேட் புரோட்டானை வாங்குவதற்கான மாறிலி ஏறத்தாழ 2.3 × 10⁻⁸, கொடுப்பதற்கானது 4.7 × 10⁻¹¹. வாங்கும் போக்கு சுமார் 500 மடங்கு அதிகம். அதனால்தான் கரைசலின் pH 8.3 அளவில் நின்று, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகிறது.

எதிரே யார் என்பதைப் பொறுத்தும் வேலை மாறும். கரைசலில் வினிகரை ஊற்றினால் பைகார்பனேட் காரமாக நடந்து, அசிட்டிக் அமிலத்தின் புரோட்டானை வாங்கி H₂CO₃ ஆகும். அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கும். புளித்த ஆப்ப மாவில் லாக்டிக் அமிலம் இதே வேலையைச் செய்கிறது. வினிகருக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிப் பாருங்கள், ஒரு குமிழிகூட வராது. அங்கே பைகார்பனேட் அமிலம். OH⁻-க்குப் புரோட்டானைக் கொடுத்துவிட்டு CO₃²⁻ ஆகக் கரைசலிலேயே தங்கிவிடுகிறது.

வாய்பாட்டில் H-ம் எதிர்மின்சுமையும் இருப்பதை வைத்து மட்டும் ஈரியல்பு என்று முடிவு கட்டக்கூடாது. HSO₄⁻ தாளில் H₂SO₄ ஆகலாம். ஆனால் கந்தக அமிலம் தண்ணீரில் தன் முதல் புரோட்டானை அனேகமாக முழுவதும் விட்டுவிடும். ஆகவே HSO₄⁻ தண்ணீரில் புரோட்டானை வாங்குவது கணக்கில் கொள்ளும் அளவுக்கு நடப்பதில்லை, அது அமிலமாகவே நடக்கும். அசிட்டேட் அயனியில், CH₃COO⁻, மூன்று H இருந்தும் தண்ணீரில் அது கொடுப்பதில்லை. அவை கார்பனோடு பிணைந்தவை, தண்ணீரால் அவற்றைப் பிடுங்க முடியாது. அசிட்டேட்டுக்கு வாங்க மட்டுமே தெரியும்.