தொலைதூரப் படிப்பை பாதியில் விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஒரிஜினல் சான்றிதழை வாங்குவது எப்படி?

தொலைதூரக் கல்வியில் பி.காம் சேர்ந்த மாணவி ஒருவருக்கு இரண்டு வாரம் கழித்து ரெகுலர் கல்லூரியில் சீட் கிடைக்கிறது. கட்டிய 10,000 ரூபாயைக் கேட்டு கல்வி மையத்துக்கு போன் போடுகிறார். "அடுத்த வாரம் வாங்கம்மா, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த 'அடுத்த வாரம்'தான் பணத்தைக் கரைக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஒரு ரெகுலர் பட்டமும் ஒரு தொலைதூரப் பட்டமும் ஒரே நேரத்தில் படிக்க 2022-ல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது. எனவே விலகித்தான் ஆக வேண்டுமா என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

விலகுவது என முடிவானால், பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் ப்ராஸ்பெக்டஸ். எந்தத் தேதிக்குள் விலகினால் எத்தனை சதவீதம் திரும்பத் தரப்படும் என்பதை அதில் அச்சிட வேண்டும். அச்சிட்டதைத் தர மறுக்கக் கூடாது. தொலைதூரக் கல்விக்கான யுஜிசி 2020 விதிமுறை இப்படித்தான் சொல்கிறது.

கணக்கு பொதுவாக சேர்க்கையின் கடைசி தேதியிலிருந்து ஓடும். யுஜிசி 2018-ல் வெளியிட்ட கட்டணத் திருப்ப அறிவிப்பில், கடைசி தேதிக்குப் பின் 15 நாளுக்குள் என்றால் 80%, 30 நாளுக்குள் என்றால் 50%, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ப்ராஸ்பெக்டஸிலும் இதே அளவு இருக்கிறது, கடைசி தேதி செப்டம்பர் 30 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாணவி அக்டோபர் 12-ல் எழுதிக் கொடுத்தால் 8,000 ரூபாய். அக்டோபர் 20 என்றால் 5,000. நவம்பர் 5-ல் கொடுத்தால் கை விரித்துவிடுவார்கள்.

போனில் சொன்னது கணக்கில் வராது. பதிவு எண், கட்டண ரசீது நகல், வங்கிக் கணக்கு விவரத்துடன் பதிவாளருக்கும் தொலைதூரக் கல்வி இயக்குநருக்கும் இமெயில் அனுப்பி, அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் போட வேண்டும். தேதிக்கு அதுதான் சாட்சி.

ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கவனியுங்க. மையத்தின் துண்டுச் சீட்டோ, ஏஜென்ட்டுக்குப் போன ஜிபேயோ மட்டும் இருந்தால், "எங்களுக்கு அந்தப் பணமே வரலையே" என்று பல்கலைக்கழகம் சொல்லிவிடலாம். அப்போது அந்த மையத்திடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் கதை தனி. ஒரிஜினலை நேரில் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், சுய கையொப்பமிட்ட நகலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது 2018 அறிவிப்பு. "மீதி ஃபீஸ் கட்டினால்தான் மார்க் ஷீட்" என்று பிடித்து வைப்பது விதிமீறல். பணம் திரும்பக் கிடைக்காத தேதியில் விலகினாலும் இந்த உரிமை போகாது. கடிதத்தில் ஒவ்வொரு சான்றிதழையும் அதன் எண்ணோடும் கொடுத்த தேதியோடும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்க.

பதில் வராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் தளமான samadhaan.ugc.ac.in-ல் புகார் பதியலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், தன் விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது என்று ஆர்டிஐ மூலமும் கேட்கலாம்.