ஒருவர் காலி செய்தால் அட்வான்ஸ் யார் தருவது?

வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 21,000 ரூபாய். அட்வான்ஸ் 1,05,000, ஆளுக்கு 35,000 போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கோவையில் வேலை கிடைக்கிறது. அவருடைய 35,000 ரூபாயை யார் திருப்பித் தருவது?

பெரும்பாலும் ஹவுஸ் ஓனர் தரமாட்டார். வீடு முழுதாகக் காலியாகிச் சாவி கைக்கு வந்த பிறகுதான் அவர் கணக்குப் பார்ப்பார். அதனால் போகிறவரின் பணம் புதிதாக வருகிறவரிடமிருந்தோ, வீட்டில் இருக்கும் இருவரிடமிருந்தோதான் வர வேண்டும். ஒரு மாதம் முன்பே அவர்களிடம் சொல்லிவிடச் சொல்வது இதற்காகத்தான். அடுத்த ஆளைத் தேட அந்த அவகாசம் தேவை.

சிக்கல் பெயிண்டிங் சார்ஜில் இருக்கிறது. சென்னையில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை இதற்கென்று பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. புதியவர் முழு 35,000 கொடுத்துவிட்டு உள்ளே வந்தால், கடைசியில் மூவருக்கும் சேர்த்துத் திரும்புவது 84,000தான். அவர் பங்கு 28,000. முன்னவர் இருந்த காலத்துச் சுவர் அழுக்குக்கும் இவர் காசு கொடுத்ததாகிவிடும். ஆகவே போகிறவர் தன் பங்கு 7,000 ரூபாயை இப்போதே விட்டுக்கொடுத்து 28,000 வாங்கிக்கொள்வது ஒரு வழி. வீட்டில் சில மாதமே இருந்தவர் என்றால் அந்த 7,000 ரூபாயைப் புதியவரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

ஈபி பில்லிலும் கவனம் வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், போகிறவர் இடையில் கிளம்பினால் பில் பின்னால்தான் வரும். கிளம்பும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட வேண்டும். கடந்த கணக்கெடுப்பிலிருந்து அன்றுவரை 300 யூனிட், பில் போடும்போது மொத்தம் 400 யூனிட், தொகை 1,200 என்றால், முக்கால் பங்கான 900 ரூபாய் மூவருக்கும் பொது. போகிறவர் தர வேண்டியது 300. அந்த 300 யூனிட்டுக்குத் தனியாக விலை போடக் கூடாது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால், தனிக் கணக்கில் அவர் பங்கு குறைந்து மற்ற இருவர் தலையில் விழும்.

ஓனரிடம் சொல்வதும் வெறும் மரியாதைக்காக அல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. "சார், நான் 31ஆம் தேதி காலி பண்றேன். என் இடத்துல வேற ஒருத்தர் வர்றாரு. அக்ரிமென்ட்ல பேரை மாத்திக் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். பெயர் மாறாவிட்டால், பிறகு வாடகை பாக்கி விழும்போது ஓனர் போன் செய்வது கோவைக்குத்தான். அட்வான்ஸ் ரசீது போகிறவர் பெயரில் இருந்தால் அதையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யும் நாளில், புதியவர் கொடுத்த 28,000 ரூபாய்க்கு அவரிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.