கொதித்து நின்ற பத்மினி

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மே மாதப் பிற்பகலில் எங்கள் பழைய பிரீமியர் பத்மினி அத்தனையையும் சலிக்காமல் ஏறிவிட்டது. மேலே டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகி, நூறடி ஓடி, நின்றுவிட்டது. அதன் பிறகு செல்ஃப் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. கலப்படம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வந்த மெக்கானிக் முதலில் கேட்டது ஈரத்துணி. அதை பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு, "பெட்ரோல் கெட்டுப்போகலை சார், கொதிச்சுப்போச்சு" என்றார். இருபது நிமிடத்தில் வண்டி ஓடியது.

தண்ணீரைப் போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அல்ல பெட்ரோல். நூற்றுக்கணக்கான எண்ணெய்ச் சேர்மங்களின் கலவை அது. அதிலுள்ள இலேசானவை 35 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். இலேசானவை இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கோடையில் தொல்லை தருவதும் அவைதான்.

பத்மினியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஏசி பம்ப் என்பார்கள். குளிரூட்டும் ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து இது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். தரைமட்டத்தில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கத் தொடங்கும் பெட்ரோல், ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஏலகிரியில் சில டிகிரி முன்பே கொதித்துவிடும். பம்பு அறையில் ஆவி நிறைந்தபின் அதன் சவ்வு எத்தனை முறை அசைந்தாலும் ஆவி நசுங்கி விரியுமே ஒழிய, திரவம் நகராது. இதுதான் வேபர் லாக்.

அப்படியானால் ஏறும்போது நிற்காமல், டீ குடித்த பிறகு ஏன் நின்றது? ஓடும்போது புதுப் பெட்ரோல் ஓயாமல் வந்து பம்பைக் குளிர்விக்கும், விசிறியும் சுற்றும். இன்ஜினை அணைத்ததும் இரண்டும் நின்றுபோகும். இன்ஜினின் சூடு பானெட்டுக்குள் தேங்கி, பம்பின் வெப்பம் இன்னும் ஏறும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த பெட்ரோல்தான் என்னை அந்த நூறடி கொண்டுபோனது.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்றும் உண்டு. கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிந்துவிடும். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் உபரி பெட்ரோல் வெளியேறி இன்ஜின் பிடிக்கும். வேபர் லாக்குக்கு இந்த வித்தை பலிக்காது, ஆறவிட வேண்டும். ஈரத்துணியைப் பம்போடு நிறுத்துங்கள். கொதிக்கும் இன்ஜின்மேல் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுவதால், பிரஷர் குக்கரில் போலக் கொதிநிலை உயர்ந்துவிடுகிறது. கார்புரேட்டர் பைக்குகளில் பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்குவதால், வெயிலில் பைக் நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

எந்தப் பெட்ரோல் போடுவது? அதிக ஆக்டேன் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதால் இது தீராது. ஆக்டேன் என்பது இன்ஜினில் 'நாக்கிங்' வராமல் தடுக்கும் குணம். ஆவியாகும் வேகம் வேறு சங்கதி. எத்தனால் தனியே 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு சேரும்போது இலேசான சேர்மங்கள் எளிதில் ஆவியாக வழிசெய்கிறது. எத்தனால் குறைந்த பெட்ரோல் உறுதியாகக் கிடைத்தால் பழைய வண்டிக்கு அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ரப்பர் ஹோஸ்களையாவது எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: வெடிப்பு விட்ட ஹோஸ் காற்றை உறிஞ்சினால் வேபர் லாக் போலவே வண்டி திணறும், பெட்ரோலைக் கசியவிட்டால் தீப்பிடிக்கும்.

கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் கொதிக்காது என்று சிலர் சொல்வார்கள். ஆவியாவது குறையும்தான். ஆனால் நாக்கிங் தொடங்கும், எரியாத மண்ணெண்ணெய் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதன் பிசுக்கைக் கெடுக்கும்.

எங்கள் வண்டியில் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே, சூடு கடத்தாமல் தடுக்கும் பேக்லைட் தகடு உடைந்திருந்தது. யாரோ அதை எடுத்துவிட்டு வெறும் காகித கேஸ்கெட் வைத்திருந்தார்கள். தகட்டை மாற்றி, இன்ஜினை உரசிக்கொண்டிருந்த பெட்ரோல் குழாயை இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டினோம். அடுத்த மே மாதமும் ஏலகிரி ஏறினோம். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். நிற்காமல் கீழே இறங்கியது.